நினைவூட்டலுக்கு 11 பைசா, விளம்பரத்துக்கு 78 பைசா: வாட்ஸ்அப் செலவுக் கணக்கு



நமது டிரஸ்ட்டின் வரவு செலவைப் பார்த்த சகோதரர் ஒருவர், "கல்வி உதவித்தொகைக்கு நினைவூட்டல் அனுப்ப 555 ரூபாயா? வாட்ஸ்அப் இலவசம்தானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உண்மையில் அந்தச் செலவு 81 ரூபாயில் முடிந்திருக்க வேண்டும். மீதி 474 ரூபாய், நாம் எழுதிய ஒரே ஒரு வாக்கியத்தால் போனது. பொதுப் பணம் அமானிதம் என்பதால், நடந்ததை விளக்கிவிடுகிறேன். ஜமாஅத், டியூஷன் சென்டர், சிறு வியாபாரம் நடத்துகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு பயன்படும்.

நாம் அன்றாடம் கைப்பேசியில் பேசிக்கொள்ளும் வாட்ஸ்அப்பும், கடைக்காரர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசம்தான். ஆனால் அந்தச் செயலியில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலுக்கு 256 பேர்தான். அதிலும் நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை பரவியிருக்கும் குடும்பங்களில் பலர் நம் எண்ணைச் சேமித்திருப்பதில்லை. எனவே ஒரு சேவை நிறுவனத்தின் வழியாக, கணினியிலிருந்து மொத்தமாக அனுப்பும் முறைக்குப் போனோம். கட்டணம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த முறையில் நாமாக முதலில் அனுப்பும் எந்தச் செய்தியையும் முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். இந்த வாசகத்துக்கு டெம்ப்ளேட் என்று பெயர். வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனம் ஒவ்வொரு டெம்ப்ளேட்டையும் ஒரு வகையில் சேர்க்கிறது. நமக்கு வேண்டியவை இரண்டு. ஒருவர் ஏற்கெனவே பதிவு செய்த, பணம் கட்டிய, கேட்ட காரியத்தைப் பற்றிய செய்தி பயன்பாட்டு வகை. திரையில் Utility என்று வரும். வேண்டுகோள், அழைப்பு, அறிமுகம், விளம்பரம் ஆகியவை Marketing வகை. கடவு எண் அனுப்புவதற்கென்று மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அது நமக்குத் தேவைப்படாது.

2025 ஜூலைக் கட்டணப் பட்டியலின்படி, இந்திய எண்ணுக்குப் பயன்பாட்டுச் செய்தி ஒன்றுக்குப் பதினொன்றரைப் பைசா (0.115 ரூபாய்). விளம்பரச் செய்தி ஒன்றுக்கு ஏறக்குறைய 78 பைசா (0.7846 ரூபாய்) இருந்தது. கிட்டத்தட்ட ஏழு மடங்கு வித்தியாசம். இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. செய்தி கைப்பேசியில் போய்ச் சேர்ந்தால் மட்டுமே இந்தக் கட்டணம் விழும்.

இனி நம் கணக்கு. உதவித்தொகைக்கு விண்ணப்பித்த 300 மாணவர்களின் வீடுகளுக்கு, சான்றிதழ் நகல்களைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு முறை நினைவூட்டல் அனுப்பினோம். மொத்தம் 600 செய்திகள். பயன்பாட்டு வகையானால் 69 ரூபாய்; வரியுடன் 81 ரூபாய் 42 பைசா. ஆனால் டெம்ப்ளேட்டின் கடைசியில், "ரமலானில் தங்கள் நன்கொடைகளை நமது டிரஸ்ட்டுக்கு வழங்கி நன்மையைப் பெறுங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். நல்ல எண்ணத்தில் சேர்த்த வரிதான். ஆனால் நினைவூட்டலும் வேண்டுகோளும் ஒரே செய்தியில் கலந்தால், முழுச் செய்தியும் விளம்பர வகைக்குப் போய்விடும். 600 செய்திகளுக்கு 470 ரூபாய் 76 பைசா, வரியுடன் 555 ரூபாய் 50 பைசா ஆனது அப்படித்தான்.

ஒப்புதல் வந்தபோதே திரையில் Marketing என்று இருந்திருக்கிறது. "ஒப்புதல் கிடைத்துவிட்டது" என்பதை மட்டும் பார்த்தோமே தவிர, எந்த வகையில் கிடைத்தது என்று பார்க்கவில்லை. இப்போது அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிடுகிறோம். ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட்டின் வகையைப் பிறகும் மெட்டா மாற்றலாம் என்பதால், பழைய டெம்ப்ளேட்டானாலும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம்.

வகையை நாமே ஊகிக்க ஓர் எளிய வழி உண்டு. "இந்தச் செய்தி வரும் என்று இவர் எதிர்பார்க்கும்படி, இவராக ஏதாவது செய்திருக்கிறாரா?" என்று கேட்டுப் பாருங்கள். கண் சிகிச்சை முகாமுக்குப் பெயர் கொடுத்தவரிடம், "நாளை காலை 10 மணிக்கு உங்கள் முறை" என்று சொல்வது பயன்பாடு. அதே முகாமுக்கு வாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்வது விளம்பரம். நன்கொடை தந்தவருக்கு ரசீது அனுப்புவது பயன்பாடு. நன்கொடை கேட்பது விளம்பரம். நாம் இலாபம் பார்ப்பதில்லை, இலவசமாகச் செய்கிறோம் என்பதெல்லாம் இதில் கணக்கில் வராது.

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். 2025 ஜூலை 1 வரை 24 மணி நேர உரையாடலுக்கு ஒரு கட்டணம் என்று இருந்தது. காலையில் ஒரு வேண்டுகோள், மதியம் ஒரு போஸ்டர், மாலையில் வங்கிக் கணக்கு விவரம் என மூன்று விளம்பர டெம்ப்ளேட்களை ஒரே நாளில் ஒருவருக்கு அனுப்பினாலும் ஒரு கட்டணம்தான். இப்போது ஒவ்வொரு செய்திக்கும் தனிக் கட்டணம். 1,200 பேருக்கு இப்படி மூன்றாக அனுப்பினால் 3,600 செய்திகள். 2025 ஜூலைக் கட்டணத்தில் அது வரியுடன் ஏறக்குறைய 3,333 ரூபாய். படத்தையும் வாசகத்தையும் கணக்கு விவரத்தையும் ஒரே டெம்ப்ளேட்டில் வைத்தால் அதே கட்டணத்தில் 1,111 ரூபாயில் முடிந்திருக்கும்.

செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு. ஒருவர் நமக்குச் செய்தி அனுப்பினால், அந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் நாம் அவருக்கு எழுதும் சாதாரணப் பதில்களுக்குக் கட்டணம் இல்லை. அவர் மறுபடி எழுதினால் 24 மணி நேரம் புதிதாகத் தொடங்கும். அந்த நேரத்துக்குள் அனுப்பும் பயன்பாட்டு டெம்ப்ளேட்டும் இலவசம். விளம்பர டெம்ப்ளேட்டுக்கு மட்டும் அப்போதும் கட்டணம் உண்டு. அதனால் நினைவூட்டலின் முடிவில், "சந்தேகம் இருந்தால் இதிலேயே எழுதுங்கள்" என்று சேர்த்திருக்கிறோம். துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து வரும் தகப்பனார் இரவில் கேள்வி கேட்டு வைத்தால், மறுநாள் காலையில் நாம் சொல்லும் பதிலுக்குச் செலவு இல்லை.

கடைசியாக, சேவை நிறுவனத்தின் பங்கு. சிலர் மாத வாடகை வாங்குகிறார்கள். சிலர் ஒவ்வொரு செய்தியின் மேலும் சில பைசா வைக்கிறார்கள். செய்திக்குப் பத்துப் பைசா என்றால் கேட்கச் சிறிதாகத் தெரியும். 78 பைசாவின் மேல் அது சிறிதுதான். ஆனால் பதினொன்றரைப் பைசாவின் மேல் ஏறக்குறைய இரட்டிப்பு. மாதம் ஆயிரம் ரூபாய் வாடகை என்றால், நமது 81 ரூபாய் நினைவூட்டலுக்கு அது பன்னிரண்டு மடங்கு. நினைவூட்டலே அதிகம் அனுப்பும் அமைப்புகள் மெட்டாவின் கட்டணத்தைவிட இந்தப் பங்கைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். 200 பேருக்குள் இருக்கும் டியூஷன் சென்டர் என்றால், பெற்றோரிடம் எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிட்டு இலவசச் செயலியிலேயே இருந்துகொள்ளலாம்.

மெட்டா தன் பட்டியலை அவ்வப்போது மாற்றும். ஆகவே அனுப்பும் மாதத்தின் கட்டணத்தைப் பார்த்து, ஆட்களின் எண்ணிக்கையை அனுப்பும் தடவையால் பெருக்கி, அதை அந்தக் கட்டணத்தால் பெருக்கி, வரியையும் சேவை நிறுவனத்தின் பங்கையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நமது நினைவூட்டல்களில் இனி நன்கொடை வரி இருக்காது. நன்கொடை வேண்டுகோள் தனியாக, ரமலானுக்கு முன் ஒரே ஒரு முறை வரும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்,
செயலாளர்