அசையாத வாத்தியமே சுருதி சொல்லும்

மேற்கத்திய இசைக்குழு ஒன்றின் கச்சேரி தொடங்கும் முன் மேடையில் ஒரு சின்னச் சடங்கு நடக்கும். வயலின்காரர்களின் தலைவர் எழுந்து நிற்பார். குழுவின் நடுவிலிருந்து ஓபோ ஒற்றைச் சுரத்தை நீளமாக ஊதும். அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சுருதி சேர்ப்பார்கள். அந்தச் சுரத்துக்கு ‘ஏ’ என்று பெயர். வயலின், வயோலா, செல்லோ, டபுள்பேஸ் நான்கிலும் ‘ஏ’ தந்தி உண்டு என்பதால் விரல் வைக்காமலே அதை மீட்டிச் சரிபார்க்கலாம்.

ஓபோவுக்கு ஏன் இந்தப் பொறுப்பு? நம் நாதஸ்வரத்தைப் போல அதுவும் சீவாளி வாத்தியம். ஒலி கூர்மையானது, கூட்டத்துக்குள் தனித்துக் கேட்கும். அதைவிட முக்கியமான காரணம், அதன் சுருதியை அதிகம் நகர்த்த முடியாது என்பது. வயலின்காரர் பிருடையைத் திருகினால் போதும். புல்லாங்குழல்காரர் தலைத்துண்டைக் கொஞ்சம் வெளியே இழுப்பார். ஓபோவில் குழலின் நீளமும் துளைகளின் இடமும் சீவாளியின் வெட்டும் சேர்ந்து சுருதியை முன்பே தீர்மானித்துவிடுகின்றன. மேடையில் பியானோ இருந்தால் ஓபோவும் அதற்குப் பணிந்துபோகும், பியானோவின் இருநூற்றுச் சொச்சம் கம்பிகளைக் கச்சேரி நடுவில் யாரும் திருகப்போவதில்லை. ஆர்கன் இருந்தால் அதுதான் தலைமை. நகர முடியாத வாத்தியம் சுருதியைச் சொல்லும், நகரக்கூடியவை அதனிடம் வந்து சேரும். ஐரோப்பியச் சுருதியின் நீண்ட குழப்பத்தை இந்த ஒரு விதியை வைத்தே பெருமளவு புரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

சுருதி சேராவிட்டால் என்ன ஆகும்? ஒருவர் வினாடிக்கு 440 அதிர்வு தரும் ‘ஏ’யும் பக்கத்தில் இருப்பவர் 442 அதிர்வு தரும் ‘ஏ’யும் வாசித்தால் இரண்டு சுரங்களாகக் கேட்காது. ஒரே சுரம் வினாடிக்கு இரண்டு முறை பெருத்துச் சிறுத்து விம்முவதுபோல் கேட்கும். இயற்பியல் பாடத்தில் விம்மல்கள் என்று படித்தது இதைத்தான். வயலின்காரர் பிருடையைத் திருகும்போது இந்த விம்மலைத்தான் கவனிக்கிறார். அது மெதுவாகி மெதுவாகி நின்றுவிட்டால் சுருதி சேர்ந்துவிட்டது.

சேர்ந்த சுருதியும் அப்படியே நிற்பதில்லை. விளக்குகளாலும் கூட்டத்தாலும் அரங்கு சூடாகும். சூட்டில் காற்றில் ஒலி வேகமாகப் போகும், அதனால் ஊதும் வாத்தியங்களின் சுருதி ஏறும். தந்தியோ சூட்டில் நீண்டு தளர்ந்து சுருதி இறங்கும். ஒரே மேடையில் பாதிப் பேர் மேலேயும் பாதிப் பேர் கீழேயும் போவதால்தான் இடைவேளைக்குப் பிறகு மறுபடியும் அந்த ‘ஏ’ கேட்கிறது.

இன்று ‘ஏ’ என்றால் 440 ஹெர்ட்ஸ் என்பது உலக வழக்கு. ஐரோப்பியக் குழுக்கள் பல 442, 443 வரைகூட வைத்துக்கொள்கின்றன. இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஒலி இன்னும் பளிச்சென்று இருக்கட்டும் என்று குழுக்கள் சுருதியை ஏற்றிக்கொண்டே போயின. பாரிஸ் ஆப்பராவில் அது 448 வரை வந்தது. பாடகர்களின் தொண்டைதான் பாடுபட்டது. 1859இல் பிரெஞ்சு அரசு, ரோசினி, பெர்லியோஸ் முதலிய இசைமேதைகள் இருந்த குழுவின் பேச்சைக் கேட்டு 435 என்று சட்டமாகவே அறிவித்தது. அது 15 டிகிரி வெப்பத்துக்கான அளவு.

1896இல் லண்டன்காரர்கள் அதை எடுத்துக்கொண்டபோது, எங்கள் அரங்கு 20 டிகிரி அல்லவா இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். ஒரு டிகிரி கூடினால் வேகம் சுமார் 0.6 மீட்டர் கூடும். ஐந்து டிகிரிக்கு மூன்று மீட்டர், அதாவது நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. 435ஐ அந்த அளவுக்கு ஏற்றினால் 439 வரும். அதையே பிரிட்டனில் வைத்துக்கொண்டார்கள். பிறகு 1939இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு 440க்கு நகர்ந்தது. அதில் வானொலிக்கும் பங்கு உண்டு. பிபிசி தன் சுருதியை வினாடிக்குப் பத்து லட்சம் முறை அதிரும் படிகத்திலிருந்து எடுத்தது. அதை ஆயிரத்தால் வகுத்து, 11ஆல் பெருக்கி, 25ஆல் வகுத்தால் 440 அச்சாக வரும். 439 ஒரு பகா எண், அதை இப்படி வகுத்துப் பெருக்கி எடுக்க வழியில்லை. அசைந்துகொடுக்காத வாத்தியத்தின் இடத்தில் இம்முறை ஒரு மின்கருவி இருந்தது.

இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பரோக் காலத்தில், பொதுச் சுருதி என்ற நினைப்பே இல்லை. ஊருக்கொரு சுருதி மட்டுமல்ல, ஒரே தேவாலயத்துக்குள்ளேயே இரண்டு. 1723 முதல் லைப்சிக் நகரத்தில் தேவாலய இசையைக் கவனித்த யோகான் செபாஸ்டியன் பாக் வாழ்நாளெல்லாம் இதோடு மல்லுக்கட்டினார். ஜெர்மன் ஆர்கன்கள் பெரும்பாலும் உயரமான ‘பாடகர் சுருதி’யில் இருந்தன, இன்றைய அளவில் சுமார் 465. நாவும்பர்க் நகரத்தில் 1746இல் பாக் நேரில் போய்ச் சோதித்துப் பார்த்த ஆர்கன் இன்றும் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் ஒலிக்கிறது. ஓபோவும் புதுவகைப் புல்லாங்குழலும் பிரான்சிலிருந்து வந்தவை. அவற்றின் ‘அறைச் சுருதி’ சுமார் 415. இரண்டுக்கும் இடையில் ஒரு முழுச்சுர இடைவெளி.

ஆர்கனின் குழாய்களை வெட்டவோ நீட்டவோ முடியாது. ஓபோவையும் இழுத்து நீட்ட முடியாது. இரண்டுமே அசையாதபோது என்ன செய்வது? பாக் காகிதத்தை நகர்த்தினார். குழு ‘சி மேஜரி’ல் வாசிக்க வேண்டுமென்றால் ஆர்கன்காரருக்கு மட்டும் ஒரு முழுச்சுரம் இறக்கி ‘பி ஃபிளாட் மேஜரி’ல் எழுதிக் கொடுத்தார். ஆர்கனின் உயரச் சுருதியில் அவர் ‘பி ஃபிளாட்’ கட்டையை அழுத்தும்போது வெளியே வருவது குழுவின் ‘சி’தான். லைப்சிக்கில் எழுதப்பட்ட இந்த ஆர்கன் தாள்கள் பல இன்றும் இருக்கின்றன. பழைய சுருதியை ஆராய்பவர்களுக்கு, அந்தக் காலத்து மரக்குழல்கள், இசைக்கவைகள் ஆகியவற்றோடு இவையும் நேரடிச் சாட்சி.

ஆகவே ‘பரோக் சுருதி 415’ என்று இன்று எழுதுவது பாதி உண்மைதான். பாக்கின் ஓபோக்களுக்கு அது பொருந்தும். பிரான்சில் 392 அளவுக்குக் கீழேயும் வாசித்தார்கள். 415 பொது எண்ணானது 20ஆம் நூற்றாண்டின் வசதிக்காக. 440க்குச் சரியாக ஓர் அரைச்சுரம் கீழே அது விழுகிறது. ஹார்ப்சிகார்ட் செய்பவர்கள் கட்டை வரிசை முழுவதையும் ஒரு கட்டை இடம் பக்கவாட்டில் நகரும்படி அமைக்கிறார்கள். ஒரு பக்கம் தள்ளினால் 440, மறுபக்கம் தள்ளினால் 415. ஒரே வாத்தியம் இரண்டு குழுக்களுக்கும் போதும்.

அரைச்சுரம் சின்ன வித்தியாசமாகத் தோன்றலாம். மேல் ஸ்தாயியில் நீண்ட நேரம் நிற்க வேண்டிய சோப்ரானோ பாடகியைக் கேட்டுப் பாருங்கள். பாக்கின் பி மைனர் திருப்பலி இசையை 440இல் பாடும்போது அவர் எழுதியதைவிட அரைச்சுரம் மேலே ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. 415இல் அதே வரி இறுக்கம் தளர்ந்து, சொற்கள் தெளிவாக வந்து விழும். வயலினும் மாறுகிறது. உலோகத் தந்திக்குப் பதில் ஆட்டுக்குடல் தந்தி, இறுக்கமும் குறைவு, ஒலி மெல்லியதாகவும் கொஞ்சம் கரகரப்பாகவும் வரும்.

குடல் தந்தி ஈரத்தையும் சூட்டையும் உடனே உள்வாங்கும். அதனால் பரோக் கச்சேரிகளில் ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவில் வாசிப்பை நிறுத்தி, ஹார்ப்சிகார்டோ சிறிய ஆர்கனோ தரும் ‘ஏ’யைப் பிடித்து எல்லோரும் மறுபடி பிருடையைத் திருகுவார்கள். ரசிகர்கள் அதுவரை பேசாமல் காத்திருப்பார்கள்.