ஆறு நாற்காலி, இருபத்துநாலு நாற்காலி

பட்டறையில் நாற்காலிக் கால் அறுக்கும் முன்பே செலவு தொடங்கிவிடும். அட்டையில் அச்சு வெட்டி, ரம்பத்தின் அளவை மாற்றி, சோதனைக்கு இரண்டு கட்டை வீணாக்க வேண்டும். இந்த ஆயத்தச் செலவு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு செய்தாலும் அறுபது செய்தாலும் அது மாறாது.

மரமும் கூலியும் நாற்காலிக்கு 1,800 ரூபாய். ஆறு செய்தால் ஒன்றின் அடக்கவிலை 2,200. இருபத்துநாலு செய்தால் 1,900. நாற்பத்தெட்டாக்கினால் 1,850தான். அந்த ஐம்பது ரூபாய்க்காக இன்னும் இருபத்துநாலு நாற்காலியில் பணத்தை முடக்குவது, ஆர்டர் கையில் இல்லாவிட்டால், வீண் வேலை.

பலர் தவறுவது வகுக்கும் இடத்தில். இருபத்துநாலில் இரண்டு கால் விரிசல் விட்டுக் கழிந்தால், மொத்தம் 45,600 ரூபாயை இருபத்திரண்டால்தான் வகுக்க வேண்டும். அடக்கவிலை 2,073 ஆகிறது. 2,000க்கு விலை பேசியவருக்கு ஒவ்வொன்றிலும் 73 ரூபாய் நஷ்டம்.