முப்பது காசில் ஒரு மாதம்

வீட்டு பட்ஜெட்டைப் படமாக வரைபவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பள்ளிக் கட்டணம் 4,000, வாடகை 8,000 என்றால், புத்தகத்தைப்போல இரண்டு மடங்கு உயரமும் அகலமுமாக ஒரு வீட்டை வரைந்துவிடுகிறார்கள். அந்த வீடு அடைக்கும் இடமோ நான்கு மடங்கு. வாடகையே சம்பளத்தை விழுங்குவதுபோல் தோன்றும்.

இதற்கான தீர்வை 1920களில் வியன்னாவில் ஓட்டோ நியூரத் காட்டினார். சாதாரணத் தொழிலாளர்களுக்குப் புள்ளிவிவரம் புரிய வேண்டும் என்று 1925இல் அருங்காட்சியகம் தொடங்கியவர் அவர். அளவு கூடினால் சின்னத்தைப் பெரிதாக்காதே, அதே சின்னத்தைத் திரும்பத் திரும்ப வரை என்பது அவருடைய விதி. ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் அதற்கான சின்னங்களை வரைந்தார்.

நம் ஊரில் 30,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். ஒரு காசு 1,000 ரூபாய். தாளின் உச்சியில் முப்பது காசும் ஒரே வரிசையில் வரவாக நிற்கும். அதற்குக் கீழே, கட்டியே ஆக வேண்டியவை: வாடகைக்கு எட்டு, பள்ளிக்கு நான்கு, சீட்டுக்கு மூன்று. அடுத்து, கொஞ்சம் இழுத்துப் பிடிக்கக்கூடியவை: மளிகை, பால், காய்கறிக்கு ஒன்பது, கரண்ட், கேஸ், போனுக்கு இரண்டு, பஸ், பெட்ரோலுக்கு இரண்டு. கடைசி வரியில் மிஞ்சுவது இரண்டே காசு. மருந்தோ மொய்யோ வந்தால் அதிலிருந்துதான்.

எல்லா வரியும் இடப்பக்கம் ஒரே கோட்டில் தொடங்க வேண்டும். அப்போதுதான் எது நீளம் என்று எண்ணாமலே தெரியும். வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டினால், எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. சின்னத்தின் பெயரையும் தொகையையும் அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மூலையில் தனியாக விளக்கக் கட்டம் போட்டால், பார்ப்பவர் அங்கும் இங்கும் அலைய வேண்டியிருக்கும். வீட்டுப் படம் வாடகையா, வீட்டுக் கடனா என்ற சந்தேகமும் வரும். சேமிப்புக்குப் பன்றி பொம்மையை ஏன் போடுகிறார்களோ, நமக்கு உண்டியல் போதாதா?

படம் சரியாக இருந்தும் கணக்கு தப்பலாம். தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. 1,200 ரூபாய் பில்லை ஒரு மாதத்துக்கு 600 என்றுதான் எழுத வேண்டும். மேலே பள்ளிக்குப் போட்ட நான்கு காசும் அப்படித்தான்: ஜூனில் மொத்தமாகக் கட்டும் 48,000ஐப் பன்னிரண்டால் வகுத்தது.

வரைந்து முடித்ததும், அதில் கை வைக்காத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, “வாடகையைவிட எதற்கு அதிகம் போகிறது?” என்று கேளுங்கள். உடனே மளிகை வரியில் விரல் வைத்தால் படம் தேறிவிட்டது. உங்கள் முகத்தைப் பார்த்தால், மறுபடி வரையுங்கள்.