ஐந்து நிமிடத்தில் சலித்துப்போகும் பொம்மை: கவனம் நிலைக்காத பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

பெருநாள் நெருங்கும்போது நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் சிலர் வருடாவருடம் கேட்கும் கேள்வி இது. "எதை வாங்கிக் கொடுத்தாலும் ஐந்து நிமிஷம்தான். அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறான். இந்தப் பெருநாளைக்கு என்னதான் வாங்குறது?" கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் உள்ள பிள்ளைகளின் வீட்டில் இது பெரிய செலவு. அதைவிடப் பெரிய மனக்கஷ்டம். கடைக்குப் போகும் முன், அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

பேட்டரியில் ஓடும் ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், பாட்டு வரும், சுவரில் முட்டினால் திரும்பும். அதனிடம் உள்ள புதுமை அவ்வளவுதான். மூன்றாவது நிமிடத்தில் அது முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது. மற்றப் பிள்ளைகள் அதற்குமேல் ஒரு கதையைக் கட்டிக்கொண்டு விளையாடுவார்கள். கவனம் நிலைக்காத பிள்ளைக்கு அந்தக் கதையை மனத்தில் பிடித்து வைத்திருப்பதுதான் கடினம். புதிதாக எதுவும் நடக்காத இடத்தில் அவனுடைய மூளை நிற்காது. பலன் உடனே கண்ணுக்குத் தெரிந்தால் நிற்கும், அரை மணி நேரம் கழித்து வரும் என்றால் நகர்ந்துவிடும்.

அதே பிள்ளை செல்போனை ஒரு மணி நேரம் பார்க்கிறானே என்று கேட்கலாம். செல்போனில் சில நொடிக்கு ஒருமுறை காட்சி மாறுகிறது. கவனத்தைப் பிடித்துவைக்கும் வேலையைப் பிள்ளைக்குப் பதிலாகப் போனே செய்துவிடுகிறது. ஆகவே, "அவன் நினைத்தால் முடியும், வேண்டுமென்றேதான் செய்கிறான்" என்ற முடிவுக்கு வர வேண்டாம்.

இதிலிருந்து, பரிசு வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று என்று தெரிகிறது. முதலாவது, கை அசைந்ததும் பலன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டாவது, ஐந்து நிமிடம் கழித்தும் அதில் செய்யப்படாத ஏதோ ஒன்று மிச்சம் இருக்க வேண்டும். மூன்றாவது, உடைந்தாலும் தொலைந்தாலும் யாரும் திட்டத் தேவையில்லாத விலையில் இருக்க வேண்டும். விலை உயர்ந்த பொம்மைகளில் பெரும்பாலானவை இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தோற்றுவிடும்.

இந்த மூன்றுக்கும் பொருந்தும் ஒன்று நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. தீக்குச்சியும் சைக்கிள் வால்டியூபும்தான் அது. இதைப் பரப்பியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்து, புனேயில் டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு, மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிகளில் நடந்துவந்த ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குச் சென்றார். காசு போட்டு வாங்க முடியாத பிள்ளைகளுக்காக வால்டியூபையும் தீக்குச்சியையும் கொண்டு வடிவங்கள் கட்டும் முறையை அங்கே உருவாக்கினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவருடைய செய்முறைகளை arvindguptatoys.com என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கவனக்குறைவுள்ள பிள்ளைகளுக்கென்று அவர் இதைச் செய்யவில்லை. ஆனால் அவர்களுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

செய்முறை எளிது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பக்கம் தெரிந்தவர் இருந்தால் மருந்து முக்காத வெறுங்குச்சி வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் மரத் தீக்குச்சியின் மருந்துத் தலையைப் பெரியவர்கள் முழுவதுமாக வெட்டி அப்புறப்படுத்தியபின் கொடுக்க வேண்டும். மெழுகுக் குச்சி வளைந்துவிடும், உதவாது. பழைய சைக்கிள் கடையில் வால்டியூப் அரை மீட்டர் வாங்கி, ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் முப்பது துண்டுகளுக்குமேல் வரும். ஒரு துண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகுங்கள். நடுவில் சிறிது இடைவெளி இருந்தால் அது முழங்கை மாதிரி மடங்கும். மூன்று குச்சி சேரும் மூட்டு வேண்டுமென்றால், துண்டின் நடுவில் கோணி ஊசியால் ஒரு துளை போட்டு மூன்றாவது குச்சியை அதில் செருக வேண்டும். துளை போடுவது பெரியவர்கள் வேலை.

மூன்று குச்சியும் மூன்று துண்டும் சேர்ந்தால் முக்கோணம், நான்கும் நான்கும் சேர்ந்தால் சதுரம். இரண்டையும் விரலால் அழுத்திப் பார்த்தால்தான் வேடிக்கை. சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. பேட்டரி காரில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. பிள்ளையின் கையில் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது.

ராஜபாளையத்தில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னால் கொடுக்கும் விதம் புரியும். அத்தா மில் வேலைக்குப் போகிறவர். பையனுக்கு ஏழு வயது. கவனக்குறைவு என்று மருத்துவர் உறுதி செய்திருந்தார். பெருநாளன்று மாமா ஒரு பை நிறையக் குச்சியும், வெட்டிய துண்டுகளும் கொண்டுவந்து கொடுத்தார். பையன் எல்லாவற்றையும் தரையில் கொட்டினான், இரண்டு குச்சியைச் செருகினான், எழுந்து போய்விட்டான். மொத்தம் நான்கு நிமிடம்கூட இல்லை. "இதுவும் சரிப்படாது" என்று அம்மா பையைக் கட்டி வைத்துவிட்டார்.

சரிப்படாமல் போனதற்குப் பொருள் காரணமில்லை, அளவுதான் காரணம். நூறு குச்சி முன்னால் கிடந்தால் எங்கே தொடங்குவது என்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய சுமை. இரண்டு நாள் கழித்து வீட்டில் முறையை மாற்றினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வந்த அட்டைப்பெட்டியின் மூடியில் ஏழு குச்சியும் ஏழு துண்டும் மட்டும் வைத்தார்கள். ஒரு முக்கோணத்துக்கும் ஒரு சதுரத்துக்கும் சரியான கணக்கு. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அத்தா பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் தனக்கென்று ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். "இப்படிச் செய், அப்படிச் செய்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பையன் வந்து உட்கார்ந்தான். இரண்டையும் கட்டி முடித்துவிட்டு, "இது மட்டும் ஏன் சாயுது அத்தா?" என்று கேட்டான். அத்தா விடை சொல்லவில்லை. "நீதான் நிறுத்திப் பாரேன்" என்றார். அன்று ஏழெட்டு நிமிடம் ஆனது. சலிப்பு வருவதற்கு முன்பே மூடியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். சாய்ந்த சதுரமும் அப்படியே உள்ளே போனது.

மறுநாள் அவனே அதைக் கேட்டு வாங்கினான். எதிரெதிர் மூலைகளைக் குச்சியால் இணைக்க முயன்றான், தீக்குச்சி எட்டவில்லை. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்தான். இரண்டு மூலைத் துண்டுகளிலும் அத்தா துளை போட்டுக் கொடுத்தார். ஈர்க்குச்சி குறுக்கே போனதும் சதுரம் நின்றுவிட்டது. சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது என்பதை அவனே கண்டுபிடித்துச் சொன்னான்.

மூன்றாவது வாரத்தில் ஒன்பது குச்சியும், துளை போட்ட ஆறு துண்டுகளும் கொண்டு கூடாரம் மாதிரி ஒன்று கட்டினான். அதற்குக் கால்மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை எழுந்து ஓடினான், இரண்டு முறையும் தானே திரும்பி வந்தான். இந்தப் பிள்ளைகளிடம் கவனிக்க வேண்டியது இதைத்தான். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தானா என்று பார்க்காதீர்கள், திரும்பி வந்தானா என்று பாருங்கள். முடிக்காமல் விட்ட வேலை அவனை அழைத்தால் பரிசு சரியானது என்று பொருள்.

எங்கே தவறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை குச்சியைத் தூக்கி எறிந்தால் பெரும்பாலும் அது சலிப்பாக இருக்காது, விரலுக்கு வலுப் போதாமல் இருக்கும். குச்சி முனையைத் தண்ணீரில் தொட்டுக் கொடுத்தால் சுலபமாக நுழையும். கட்டிய துண்டு வெடித்துப் பிரிந்தால் ரப்பர் காய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். ஒரு வாரம் நன்றாக விளையாடிவிட்டுப் பிறகு தொடவே இல்லையென்றால் பத்து நாள் கண்ணில் படாமல் வைத்து, புதிதாக ஒன்றைச் சேர்த்து எடுங்கள். ஐந்து மூலை வடிவத்துக்கான குச்சியோ, வண்ணம் தோய்த்த குச்சியோ போதும். வீட்டில் உள்ள மற்றப் பொம்மைகளையும் இப்படியே நாலைந்தை மட்டும் வெளியே வைத்து, மீதியைக் கட்டி வைத்து மாற்றி மாற்றி எடுக்கலாம். பாதிப் புதுப் பொம்மைச் செலவு மிச்சமாகும். அண்ணன் தம்பியோடு நேரத்தை ஒப்பிட வேண்டாம். போன வாரம் ஏழு நிமிடம், இந்த வாரம் ஒன்பது என்று அவனோடு அவனையே ஒப்பிடுங்கள்.

பொருளை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் இது கூடாது. வால்டியூப் துண்டு தொண்டையில் அடைக்கும், குச்சி கண்ணில் குத்தும். அந்த வயதுக்கு நம் ஊர் நூல் மில்களில் மிஞ்சும் காகிதக் கோன்கள் நல்லவை. சுத்தமான இருபது கோன் இருந்தால் அடுக்கலாம், இடித்துத் தள்ளலாம், மறுபடி அடுக்கலாம். ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்கு எழுந்து நடந்து செய்யும் விளையாட்டு இன்னும் பொருந்தும்.

கடைசியாக ஒன்று. இது விளையாட்டுதான், சிகிச்சை ஆகாது. பொம்மை சலிப்பதை மட்டும் வைத்து யாரும் பிள்ளைக்குப் பெயர் சூட்டிவிடக் கூடாது. வீட்டில் மட்டுமல்லாமல் பள்ளி அல்லது மதரஸாவிலும் ஆறு மாதத்துக்குமேல் இதே நிலை இருந்து, படிப்பையும் பழக்கத்தையும் கெடுத்தால்தான் மருத்துவர்கள் கவனக்குறைவைப் பற்றி யோசிப்பார்கள். அதற்குமுன் காது, கண், தூக்கம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். காது மந்தமான பிள்ளையும் கவனிக்காத பிள்ளை போலவே தெரியும். விளையாட்டின் நடுவில் சில நொடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல் இருந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம், தாமதிக்காமல் காட்டுங்கள். அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொன்னால், மேல் பரிசோதனைக்கு இலவசமாக அனுப்பி வைப்பார்கள். போகும்போது, எந்த விளையாட்டில் எத்தனை நிமிடம் இருந்தான், திரும்பி வந்தானா என்று இரண்டு வாரம் எழுதிய தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.