"பொருளாளர் பார்ப்பார்" என்றால்?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டம் முடிகிறது. செயலாளரின் நோட்டில் இப்படி ஒரு கிறுக்கல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "லிஃப்ட் திரும்ப நின்னுது. கம்பெனி மாத்தலாமா? மூணு கொட்டேஷன். பொருளாளர் பார்ப்பார். தீபாவளிக்குள்ள."

புகார், விவாதம், முடிவு, வேலை எல்லாம் இதில் கலந்து கிடக்கின்றன. மினிட்ஸ் எழுதுபவர் முதலில் இவற்றைப் பிரிக்க வேண்டும். கம்பெனியை மாற்றுவது இன்னும் கேள்விதான். அதைத் தீர்மானமாக எழுதிவிட்டால் அடுத்த கூட்டத்தில் சண்டை நிச்சயம். முடிவானது கொட்டேஷன் வாங்குவது மட்டுமே.

தீபாவளிக்குள் நடக்க வேண்டியது கொட்டேஷனா, லிஃப்ட் பழுதா? ஊகிப்பதைவிட அன்றிரவே பொருளாளருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. பிறகு வரி இப்படி மாறும்:

"லிஃப்ட் பராமரிப்புக்கு மூன்று நிறுவனங்களிடம் எழுத்தில் கொட்டேஷன் பெற்று, அக்டோபர் 10-க்குள் நிர்வாகக் குழுவுக்கு அனுப்புதல். பொறுப்பு: பொருளாளர்."

இப்போது வேலை முடிந்ததா இல்லையா என்பதை யாரும் சரிபார்க்கலாம். பொறுப்புக்கு ஒரே ஆள்தான். "குழு" என்று எழுதினால் ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள். கூட்டத்துக்கு வராதவர் தலையில் வேலை விழுந்திருந்தால், அவரிடம் கேட்காமல் பெயரைப் போடக் கூடாது. யார் யாரிடம் கத்தினார்கள் என்பது நோட்டோடு நிற்கட்டும்.