பத்துக்குப் பத்து

எதிர்வீட்டுப் பையன் கைபேசியை நீட்டினான். ஒரு ஹோட்டல் அரங்கில் நடந்த பங்குச்சந்தை வகுப்பில், திரையில் காட்டிய அட்டவணையை அவன் எடுத்த படம் அது. பத்து வரிசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறுவனத்தின் பெயர், ஒரு தேதி, அன்றைய விலை, ஆறு மாதம் கழித்து என்ன விலை, எத்தனை சதவீத லாபம். கடைசிப் பத்தி முழுக்கப் பச்சை.

“மாமா, பத்துக்குப் பத்து. ஒண்ணுகூடத் தப்பல. கோல்டன் கிராஸ் வந்தா வாங்கிடணும், அவ்வளவுதான்.”

அடுத்த கட்ட வகுப்புக்குப் பணம் கட்டப் போகிறான். அதற்கு முன் அந்தப் படத்தை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

கோல்டன் கிராஸ் என்பது சிக்கலான விஷயம் இல்லை. ஒரு பங்கின் கடைசி 50 நாள் முடிவு விலைகளின் சராசரி ஒரு கோடு. கடைசி 200 நாள் சராசரி இன்னொரு கோடு. கீழே இருந்த 50 நாள் கோடு 200 நாள் கோட்டை வெட்டிக்கொண்டு மேலே போனால் அதுதான் கோல்டன் கிராஸ். அண்மை விலைகள் பழைய விலைகளைவிடக் கூடியிருக்கின்றன என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. இனிமேலும் ஏறும் என்பது நாம் சேர்த்துக்கொள்ளும் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகத்தான் அட்டவணையைக் காட்டினார்கள்.

அவனிடம் ஒன்றுதான் கேட்டேன்: “இந்தப் பத்தும் எத்தனையிலிருந்து எடுத்த பத்து?”

ஒரு கணக்குப் போடுவோம். நிஃப்டியில் 50 பங்குகள். ஒரு பங்கில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த அடையாளம் வருவதாக வைத்துக்கொண்டால், பத்து ஆண்டில் 250 முறை வந்திருக்கும். அதில் பாதி ஏறி, பாதி இறங்கியிருந்தாலும் 125 வெற்றிகள் கையில் இருக்கும். அவற்றில் சிறந்த பத்தைப் பொறுக்கி அட்டவணை போடலாம். 240 முறை நஷ்டமாகி, பத்தே பத்து முறைதான் பலித்தது என்றாலும் அதே அட்டவணையைப் போடலாம். 250-ம் பலித்திருந்தாலும் அதே அட்டவணைதான். மூன்று நிலைமையிலும் திரையில் தெரிவது ஒன்றுதான் என்றால், இந்த முறை நல்லதா கெட்டதா என்பதை அந்தப் படத்தால் சொல்லவே முடியாது. பிழைத்தவர்களை மட்டும் எண்ணுகிற இந்தப் பிழைக்குப் புள்ளியியலில் சர்வைவர்ஷிப் பயாஸ் என்று பெயர்.

நான்காவது வரிசையில் இருந்த நிறுவனத்தை அவன் கைபேசியிலேயே திறந்தோம். இரண்டு சராசரிக் கோடுகளையும் போட்டுப் பத்து ஆண்டுகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனோம். ஆறு இடங்களில் கோடுகள் வெட்டின. மூன்று முறை விலை ஏறியிருந்தது, மூன்று முறை இறங்கியிருந்தது. அந்த மூன்று ஏற்றங்களில் பெரியது எதுவோ, அதுதான் அட்டவணையில் இருந்தது. பையன் ஒன்றும் பேசவில்லை. ஏழாவது வரிசையைத் தானே திறந்தான்.

விட்டுப்போனது தோல்விகள் மட்டுமல்ல. பத்துத் தேதிகளில் நான்கு, 2020 ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் விழுந்திருந்தன. கொரோனா வீழ்ச்சியில் மார்ச் 23 அன்று 7,600 அருகே முடிந்த நிஃப்டி, ஆகஸ்ட் தொடக்கத்தில் 11,000-ஐ ஒட்டி இருந்தது. ஆறு மாதம் கழித்து, 2021 பிப்ரவரியில், 14,000-ஐத் தாண்டிவிட்டது. எந்தக் கோட்டையும் பார்க்காமல் நிஃப்டியை அப்படியே வாங்கிப் போட்டவருக்கும் ஏறத்தாழ 30 சதவீதம் கிடைத்த காலம் அது. ஆகவே அடையாளம் வந்த நாட்களோடு, வராத நாட்களின் கணக்கும் வேண்டும். அடையாளம் வந்து வாங்கியதில் நூற்றுக்கு 60 ஏறியது என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு நாளில் வாங்கியதிலும் நூற்றுக்கு 60 ஏறியிருந்தால், அடையாளத்தின் பங்களிப்பு பூஜ்யம்.

எத்தனை முறை என்பதைப் போலவே எவ்வளவு என்பதும் முக்கியம். 60 வெற்றியில் ஒவ்வொன்றுக்கும் 10 சதவீத லாபம், 40 தோல்வியில் ஒவ்வொன்றுக்கும் 20 சதவீத நஷ்டம் என்றால், வரவு 600, செலவு 800. அடிக்கடி ஜெயித்தும், சராசரியாக ஒவ்வொரு முறையும் 2 சதவீதம் கையைவிட்டுப் போகிறது.

இன்னொரு ஓட்டை, தோல்விகளை நேர்மையாக எண்ணுபவரையும் ஏமாற்றிவிடும். பத்து நிறுவனங்களும் இன்றைய நிஃப்டி பட்டியலில் இருந்து எடுத்தவை. இன்று பட்டியலில் இருப்பவை, இத்தனை ஆண்டும் தாக்குப்பிடித்து வளர்ந்தவை. சத்யமும், யூனிடெக்கும், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும், யெஸ் பேங்கும் ஒருகாலத்தில் நிஃப்டியில் இருந்தவைதான். 2009 ஜனவரி 7 அன்று கணக்கு மோசடி வெளிவந்ததும் சத்யம் பங்கு ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. 2018-ல் 400 ரூபாயை ஒட்டி விற்ற யெஸ் பேங்க், 2020 மார்ச்சில் 20 ரூபாய்க்கும் கீழே வந்தது. இன்றைய 50 பெயர்களை வைத்துக்கொண்டு பழைய ஆண்டுகளைச் சோதித்தால், இந்த நஷ்டங்கள் கணக்குக்குள் வரவே வராது. அந்தந்த ஆண்டில் பட்டியலில் யார் யார் இருந்தார்களோ, அவர்களை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

வகுப்பில் காட்டும் ‘எங்கள் மாணவரின் லாபம்’ படங்களும் இதே ரகம்தான். எஃப் அண்ட் ஓ வணிகத்தில் எல்லாரையும் எண்ணிப் பார்த்த கணக்கு ஒன்று இருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்து, 2024 செப்டம்பரில் செபி வெளியிட்டது. அந்த வணிகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். மீதி 7 சதவீதம் என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் ஒரு கோடியில் அது ஏழு லட்சம் பேர். லாபம் காட்டும் கைபேசித் திரை வேண்டும் என்றால், ஏழு லட்சம் பேரிடம் கிடைக்கும். அதனால்தான் அந்தப் படங்களுக்கு என்றைக்கும் பஞ்சமே வருவதில்லை.

இதை வைத்துக் கோல்டன் கிராஸ் பொய் என்று நான் சொல்லவில்லை. முழுக் கணக்கையும் எடுத்துப் பார்த்தால் அதில் கொஞ்சம் பலன் இருப்பதாகவும் தெரியவரலாம். அந்தப் பத்து வரிசையை வைத்து இரண்டில் எதையும் முடிவு செய்ய முடியாது என்பதுதான் விஷயம்.

இப்படி ஒரு அட்டவணையை யாராவது காட்டினால், பணம் கட்டுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். இந்த அடையாளம் மொத்தம் எத்தனை முறை வந்தது? அதே காலத்தில் சும்மா வாங்கியவருக்கு என்ன கிடைத்தது? பட்டியலைவிட்டுப் போன நிறுவனங்களும் இதில் இருக்கின்றனவா? பதில் வரவில்லை என்றால் ஒரு நோட்டை எடுங்கள். இன்றைய தேதியைப் போட்டு 50 பங்குகளின் பெயரையும் எழுதுங்கள். இனி அடையாளம் வரும் ஒவ்வொரு முறையும், ஒன்றுவிடாமல், அன்றைய முடிவு விலையையும் நிஃப்டியையும் குறியுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டையும் மறுபடி குறியுங்கள். ஓரிரு ஆண்டு பிடிக்கும். ஒரு ரூபாயும் செலவில்லை. நஷ்டமான வரிசையை அடிக்காமல் வைத்திருந்தால், அதுதான் உண்மையான அட்டவணை.