50% ஸ்காலர்ஷிப்னா பாதி செலவுதானா? கையிலிருந்து போற பணத்தை இப்படிக் கணக்குப் போடுங்க

தங்கச்சிக்கு இன்ஜினியரிங் சீட். “50% ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு, பாதிப் பணம்தான்”னு வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். ஃபீஸ் கட்டப்போறது உங்க சம்பளத்திலிருந்து. அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க.

முதல் கேள்வி: எதுல 50%? பெரும்பாலான தனியார் கல்லூரிகள் டியூஷன் ஃபீஸ்ல மட்டும்தான் கழிப்பாங்க. ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாம் முழுசா நம்ம தலையிலதான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். முதல் கல்லூரியில டியூஷன் 2,00,000 ரூபாய். ஸ்காலர்ஷிப் போக 1,00,000. லேப், தேர்வுக் கட்டணம் 25,000. ஹாஸ்டலும் மெஸ்ஸும் 1,10,000. புத்தகம், ஊருக்குப் போய்வர்ற செலவு 20,000. ஆக, வருஷத்துக்கு 2,55,000 ரூபாய். மொத்தச் செலவு 3,55,000-ல குறைஞ்சது ஒரு லட்சம். அதாவது 50% இல்ல, வெறும் 28%தான்.

இரண்டாவது கல்லூரியில ஸ்காலர்ஷிப்பே இல்ல. ஆனா டியூஷன் 85,000, மற்ற கட்டணம் 15,000, ஹாஸ்டல் 80,000, புத்தகமும் பயணமும் அதே 20,000. மொத்தம் 2,00,000. ஸ்காலர்ஷிப் தராத கல்லூரி வருஷத்துக்கு 55,000 ரூபாய் கம்மி!

கணக்கு போடும்போது ஒண்ணு கவனிங்க. திரும்பக் கிடைக்கிற டெபாசிட்டைச் செலவுல சேர்க்காதீங்க. ஆனா முதல் வருஷம் அந்தப் பணம் கையில இருக்கணும். லேப்டாப் மாதிரி ஒரு தடவை வாங்குறதை நாலால வகுத்துச் சேருங்க.

அடுத்து, ஆஃபர் லெட்டர்ல எல்லாரும் தாண்டிப் போற வரி: ஸ்காலர்ஷிப் தொடர்றதுக்கான நிபந்தனை. ஒவ்வொரு வருஷமும் சி.ஜி.பி.ஏ. 8.5 வேணும், அரியர் இருக்கக் கூடாதுன்னு இருக்கலாம். முதல் வருஷமே அது தவறினா, அடுத்த மூணு வருஷமும் 3,55,000 கட்டணும். நாலு வருஷத்துக்கு 10,20,000-னு நினைச்சது 13,20,000 ஆகிடும். இரண்டாவது கல்லூரியில அது 8,00,000. அதனால ரெண்டு கணக்கும் போடுங்க: ஸ்காலர்ஷிப் தொடர்ந்தா எவ்வளவு, நின்னா எவ்வளவு. ரெண்டாவது தொகையை உங்களால சமாளிக்க முடியுமாங்கிறதுதான் உண்மையான கேள்வி.

வரியில மிச்சம் பிடிக்கலாம்னும் நினைக்காதீங்க. பழைய வரிமுறையில இருந்தாலும், டியூஷன் ஃபீஸுக்கான வரிக் கழிவு சொந்தப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான். தம்பி, தங்கச்சிக்குக் கட்டுறதுக்குக் கிடையாது.

நிபந்தனையைக் கல்லூரிகிட்ட எழுத்துல வாங்கிட்டு, அப்புறம் அட்வான்ஸ் கட்டுங்க.